பத்தாவது சாப்பாடு இலவசமா? அட்டை அச்சடிக்கும் முன் ஒரு கணக்கு

உங்கள் பணப்பையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். முடி திருத்தும் கடை, காப்பிக் கடை, கார் கழுவும் இடம் என்று இரண்டு மூன்று முத்திரை அட்டைகளாவது இருக்கும். பாதிக்கு மேல் நிரம்பிய அட்டை எத்தனை? அநேகமாக நீங்கள் எப்படியும் போகிற கடையின் அட்டைதான் நிரம்பியிருக்கும். கடைக்காரருக்குச் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஒரு சாப்பாடு 10 ரிங்கிட். அரிசி, காய்கறி, எண்ணெய், இலை எல்லாம் சேர்த்து 4 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மீதி 6 ரிங்கிட்டில்தான் வாடகை, சம்பளம், மின்சாரம், கடைசியாக முதலாளியின் லாபம்.

‘9 சாப்பிட்டால் 10ஆவது இலவசம்’ என்று அட்டை போடுகிறார். இலவசச் சாப்பாட்டுக்கு 4 ரிங்கிட்தானே செலவு என்று நினைப்பார். ஆனால், எப்படியும் 10 முறை வந்திருக்கக்கூடியவர் முன்பு 10 முறையும் காசு கொடுத்தார், இப்போது 9 முறைதான் கொடுக்கிறார். கடைக்கு மிஞ்சுவது 60 ரிங்கிட்டிலிருந்து 50ஆகக் குறைகிறது. போனது 4 இல்லை, முழுசாக 10 ரிங்கிட். விற்பனையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சும் பணத்திலோ ஆறில் ஒரு பங்கு!

அட்டையால் கூடுதலாக வந்தால் ஈடாகாதா? 9 முறை வரவேண்டியவர் 10 முறை வந்தால், முன்பு மிஞ்சியது 54, இப்போது 50. அப்போதும் நஷ்டம்தான். 8 முறை வரவேண்டியவர் 10 முறை வந்தால்தான் 48 என்பது 50 ஆகும். இரண்டு கூடுதல் வருகைக்கு 2 ரிங்கிட் லாபம்!

பரிசை மாற்றுங்கள்

இலவசச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு மாம்பழ லஸ்ஸி கொடுத்தால்? விலை 6 ரிங்கிட், பொருள் செலவு சுமார் 2 ரிங்கிட். வழக்கமாக லஸ்ஸி வாங்காதவருக்குக் கொடுக்கும்போது கடைக்குப் போவது அந்த 2 ரிங்கிட் மட்டுமே. 10 சாப்பாட்டுக்கும் காசு வருவதால் 58 ரிங்கிட் மிஞ்சும். ஒரே ஒரு வருகை கூடியிருந்தாலும் 54 என்பது 58 ஆகிறது. வாடிக்கையாளர் கையில் கிடைப்பதோ 6 ரிங்கிட் பொருள்.

ஆனால், தினமும் லஸ்ஸி குடிப்பவருக்கு இதே பரிசைக் கொடுத்தால் ஒரு விற்பனை போய்விடும். அதனால் பலரும் ஆசைப்படுகிற, ஆனால் சிலரே காசு கொடுத்து வாங்குகிற பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லாவில் நிற்பவருக்கு அது எது என்று தெரியும்.

எத்தனை கட்டம்?

மாதம் இரண்டு முறை வருபவருக்கு 10 கட்டம் நிரம்ப ஐந்து மாதம் ஆகும். அதற்குள் அட்டை தொலைந்துவிடும்.

அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் நூனெஸ், ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 2006இல் வெளியானது. சிலருக்கு 8 கட்ட அட்டை. மற்றவர்களுக்கு 10 கட்டம், அதில் 2 முத்திரை முன்பே குத்தியாயிற்று. இரண்டு தரப்புக்கும் தேவை 8 வருகைதான். ஆனாலும் முதல் தரப்பில் 19 விழுக்காட்டினரும், இரண்டாம் தரப்பில் 34 விழுக்காட்டினரும் அட்டையை நிரப்பினர். தொடங்கிய வேலையைப் பாதியில் விட மனசு வராது என்பதுதான் சங்கதி.

நம் கிள்ளான் கடைக்கு 8 கட்டமும் 2 இலவச முத்திரையும் போதும். 6 வருகை, அதாவது மாதம் இருமுறை வருபவருக்கு மூன்று மாதம். கெடுவை இரண்டரை மாதமாக வைத்தால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அடிக்கடி வந்தால்தான் லஸ்ஸி கிடைக்கும். பரிசு வாங்கியதும் ஒரு தொய்வு வருவதுண்டு. அதனால் லஸ்ஸியோடு சேர்த்தே, முத்திரை குத்திய அடுத்த அட்டையையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.

வேலை செய்கிறதா?

அட்டைகள் நிரம்புவதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. வழக்கமாக வருபவர்களாலேயே அவை நிரம்பிவிடும். முத்திரையோடு தேதியையும் ஊழியரின் முதலெழுத்தையும் எழுதச் சொல்லுங்கள். நிரம்பி வரும் அட்டைகளில், ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பரிசு நெருங்க நெருங்க இடைவெளி குறைவது இயல்பு. அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒருவரின் முதல் அட்டையின் தொடக்க இடைவெளியையும் இரண்டாம் அட்டையின் தொடக்க இடைவெளியையும் ஒப்பிடுங்கள். 14 நாள் 11 ஆகியிருந்தால் பழக்கம் மாறத் தொடங்கியிருக்கிறது. 14 நாள் அப்படியே இருந்தால், எப்படியும் வருபவருக்கு நீங்கள் லஸ்ஸி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலெழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் சப்வே உணவகங்கள் தங்கள் முத்திரைத் திட்டத்தை 2005இல் கைவிட்டதற்குப் போலி முத்திரைகளே காரணம். நம் ஊரில் நட்சத்திர முத்திரையை எந்த எழுதுபொருள் கடையிலும் வாங்கிவிடலாம். பேனாவால் எழுதிய தேதியையும் ஊழியரின் கையெழுத்தையும் அப்படி வாங்க முடியாது.