பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது?

அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொறாமையால் மட்டும் வருவதில்லை. தன் திறமையை அளக்கத் திட்டவட்டமான அளவுகோல் இல்லாதபோது, மனிதர்கள் தங்களைப் போன்றவர்களைப் பார்த்தே தங்களை மதிப்பிடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். சுந்தர் பிச்சையின் சம்பளம் யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவரின் லிங்க்ட்இன் பதிவுதான் கெடுக்கிறது.

ஐ.டி. துறையில் இந்த ஒப்பீடு பெரும்பாலும் 'பேக்கேஜ்' என்ற ஒற்றை எண்ணில் வந்து நிற்கும். அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் சங்கதி வேறு. நண்பர் ஒருவருக்கு ஆண்டுக்கு 24 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 2 லட்சம் சேரும்போது தரும் போனஸ். ஒருமுறைதான் கிடைக்கும், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்டச் சொல்லும் நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். இன்னொரு 4 லட்சம் நிறுவனப் பங்குகள்: 16 லட்சம் மதிப்பு என்று சொல்லி நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். பல நிறுவனங்களில் முதல் ஆண்டு முடியுமுன் கிளம்பினால் ஒரு பங்குகூடக் கைக்கு வராது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனமென்றால், வந்த பங்கை விற்பதும் எளிதல்ல. ஆண்டு மதிப்பீட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை 2.5 லட்சம். நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் 1.5 லட்சம். எல்லாம் போக, மாதாமாதம் உறுதியாக வரும் சம்பளம், வரிக்கு முன், ஆண்டுக்கு 14 லட்சம். போனஸோ பங்கோ இல்லாமல் 15.5 லட்சம் வாங்குபவருக்கும் பி.எஃப்., கிராஜுவிட்டி கழித்தால் அதே 14 லட்சம்தான். பங்கு விலை ஏறினால் நண்பருக்கு நல்ல லாபம், உண்மைதான். ஆனால் அது இன்றைக்குக் கையில் இருக்கும் பணமல்ல.

எண் சரியாகவே இருந்தாலும் மாதிரி சரியாக இருக்காது. புதிய வேலை கிடைத்தவர் பதிவு போடுகிறார். ஆறு இன்டர்வியூவில் தோற்றவரும், சேர்ந்த எட்டாம் மாதம் வேலை இழந்தவரும் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கண்ணில் படுபவர்களை வைத்துச் சராசரி போட்டால் எல்லோருமே முன்னால் ஓடிவிட்டது போலத்தான் தெரியும். கல்விக் கடன் இல்லாததும், பெங்களூரில் தங்க அக்கா வீடு இருந்ததும் அந்தப் பதிவில் வருமா என்ன?

இதற்காக ஒப்பீட்டை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரே ஊரில், ஒரே அனுபவத்தோடு, ஒரே வேலையைச் செய்யும் நாலைந்து பேரின் உறுதியான சம்பளம் தெரிந்தால், அது சந்தை விலை. தன் சம்பளம் அதைவிடக் கணிசமாகக் குறைவென்றால் மேலாளரிடம் பேசக் கைவசம் ஆதாரம் இருக்கிறது.

வேகத்தை அளக்க மட்டும் வேறு கணக்கு வேண்டும். போன வருடம் சீனியர் துணையோடு செய்த வேலைகளில் எவற்றை இப்போது தனியாக முடிக்க முடிகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கலாம். இரண்டு முறை எழுதியும் புதிதாக எதுவும் சேரவில்லையென்றால், ஊரார் பேக்கேஜ் எதுவாக இருந்தாலும், வேலையையோ குழுவையோ மாற்றிக்கொள்ளும் நேரம் வந்திருக்கிறது.