ஒரே கியூஆர் கோடு, இரண்டு ஸ்டோர்கள்

கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ். அதன் கீழே ஒரு கியூஆர் கோடு. அண்ணன் தன் ஆண்ட்ராய்டு போனில் ஸ்கேன் செய்தால் பிளே ஸ்டோர் திறக்கிறது. தங்கை தன் ஐபோனில் அதையே ஸ்கேன் செய்தால் ஆப் ஸ்டோர் திறக்கிறது. கோடு ஒன்றுதான், அப்படியானால் வழியைப் பிரித்துவிடுவது யார்?

அந்தக் கோடுக்குள் எந்த ஸ்டோரின் முகவரியும் கிடையாது. நடுவில் இருக்கும் ஒரு சர்வரின் முகவரிதான் இருக்கிறது. போன் அந்தச் சர்வரைத் தட்டும்போதே, தான் எந்த வகைக் கருவி என்று சொல்லும் ஒரு வரியையும் சேர்த்து அனுப்பிவிடும். `User-Agent` என்பது அந்த வரியின் பெயர். அதில் `Android` என்றோ `iPhone` என்றோ இருக்கிறதா என்று சர்வர் பார்க்கும். பிறகு அதற்குரிய முகவரிக்குப் போனைத் திருப்பிவிடும். வாட்ஸ்அப் செயலிக்கு அந்த இரண்டு முகவரிகள் இவை:

```
https://play.google.com/store/apps/details?id=com.whatsapp
https://apps.apple.com/app/id310633997
```

முதலாவதில் செயலியின் பெயரே அடையாளம். இரண்டாவதில் ஆப்பிள் கொடுத்த எண். ஒரே செயலிதான் என்றாலும் இரண்டு ஸ்டோரிலும் அடையாளம் வேறு வேறு. அதனால்தான் நடுவில் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டியிருக்கிறது.

கருவி தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டுமே சர்வர் நம்புகிறது என்பதுதான் இதில் பலவீனம். 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேடின் சஃபாரி பிரவுசர் பொதுவாகத் தன்னை `Macintosh` என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பெரிய திரையில் முழு இணையதளமும் தெரியட்டும் என்பதற்காக ஆப்பிள் செய்த ஏற்பாடு இது. ஆனால் சர்வரோ அதை மேக் கம்ப்யூட்டர் என்று எண்ணி, ஐபேடுக்குச் சம்பந்தமில்லாத பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். இதற்கு நல்ல மருந்து, சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் இருப்பது. ஆண்ட்ராய்டும் ஐபோனும் அல்லாத எதற்கும் இரண்டு ஸ்டோர்களின் பட்டன்களும் உள்ள ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டால், ஐபேட்காரரும் லேப்டாப்காரரும் தாங்களே சரியானதைத் தொட்டுக்கொள்வார்கள்.

அந்த நடு முகவரி யாருடையது என்பதும் முக்கியம். இத்தகைய லிங்குகளை உருவாக்க ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் என்ற சேவையைக் கூகுள் நடத்திவந்தது. 2025 ஆகஸ்ட் 25 அன்று அதை மூடியதும், `page.link` என்று முடிந்த அதன் லிங்குகள் வேலை செய்வதை நிறுத்தின. அச்சடித்து ஒட்டிய கோடைத் திருத்த முடியாது. முகவரி நம் சொந்த டொமைனில் இருந்தால், சர்வரில் ஒரு வரியை மாற்றி அதே கோடைப் புதிய இடத்துக்குத் திருப்பலாம்.

எனவே நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் ஓர் ஆண்ட்ராய்டு போன், ஓர் ஐபோன், ஓர் ஐபேட் மூன்றிலும் அந்தக் கோடை ஸ்கேன் செய்து பாருங்கள். ஐபேடில் சரியாகத் திறக்கிறதா என்பதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.