தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு கணக்கு

இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் உடம்பில் ஒரு சிறு உலோகத் தகடு பதித்திருப்பார்கள். நம் ஊர்களில் பரவலாக உள்ள ஒரு வகையின் தகட்டில் 100 கே.வி.ஏ., 11,000 வோல்ட், 433 வோல்ட் என்று இருக்கும். பாலிடெக்னிக், பொறியியல் தேர்வுகளில் ஆண்டு தவறாமல் வரும் கணக்கு இந்த எண்களிலிருந்தே பிறக்கிறது: இதன் சுற்று விகிதம் என்ன, துணைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு, பயனுறு திறன் எத்தனை சதவீதம்? மூன்று கேள்விக்கும் ஒரு பக்கத்தில் விடை எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு பக்கத்திலேயே வழுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலில் மின்னோட்டம். கே.வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. மூன்று ஃபேஸ் என்பதால் அதனுடன் மூன்றின் வர்க்கமூலமான 1.732 சேரும். 1,00,000-ஐ 1.732, 11,000 இரண்டாலும் வகுத்தால் 5.25 ஆம்பியர். மேலிருந்து வரும் 11 ஆயிரம் வோல்ட் கம்பி ஒவ்வொன்றிலும் முழுச் சுமையின்போது ஓடுவது இவ்வளவுதான். அதே 1,00,000-ஐ 1.732, 433 இரண்டாலும் வகுத்தால் 133.3 ஆம்பியர். தெருவுக்குப் போகும் கம்பியில் ஓடுவது இது.

டிரான்ஸ்ஃபார்மரை அண்ணாந்து பார்த்தாலே இந்தக் கணக்கு கண்ணில் படும். உயர் அழுத்தப் பக்கத்தின் பீங்கான் புஷ்ஷிங்குகள் உயரமாக இருக்கும், அவற்றில் வந்து சேரும் கம்பியோ மெல்லியது. தாழ் அழுத்தப் பக்கத்தின் புஷ்ஷிங்குகள் குட்டையானவை, அவற்றிலிருந்து கட்டைவிரலை விடத் தடித்த கேபிள்கள் இறங்கும். உயரம் வோல்ட்டுக்காக, தடிமன் ஆம்பியருக்காக.

தகட்டில் கிலோவாட் எழுதாமல் கே.வி.ஏ. எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. சுருளைச் சூடாக்குவது அதில் ஓடும் ஆம்பியர். அந்த ஆம்பியரில் எவ்வளவு உருப்படியான வேலையாக மாறுகிறது என்பதை வீடுகளிலும் வயல்களிலும் ஓடும் மோட்டார்களின் திறன் காரணிதான் தீர்மானிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரைச் செய்தவருக்கு அது தெரியாது. அதனால் அவர் ‘இவ்வளவு ஆம்பியர் வரை என் சுருள் தாங்கும்’ என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறார்.

25.4 அல்ல, 44

அடுத்து சுற்று விகிதம். 11,000-ஐ 433-ஆல் வகுத்து 25.4 என்று எழுதிவிட்டு நகர்பவர்கள் நிறைய பேர். இங்கேதான் மதிப்பெண் போகிறது.

இந்த வகை டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தச் சுருள்கள் மூன்றும் டெல்டாவாக, அதாவது முக்கோணமாக இணைந்திருக்கும். தாழ் அழுத்தச் சுருள்கள் ஸ்டார் முறையில் ஒரு முனையில் கூடும். அந்தக் கூடும் முனைதான் நியூட்ரல். வீடுகளுக்கு ஒரு ஃபேஸும் ஒரு நியூட்ரலும் கொடுக்க வேண்டும் என்பதால் இந்தப் பக்கம் ஸ்டார் இல்லாமல் முடியாது. டெல்டாவில் ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் முழு 11,000 வோல்ட் நிற்கும். ஸ்டாரில் ஒரு சுருளின் குறுக்கே நிற்பது 433-ஐ 1.732-ஆல் வகுத்த 250 வோல்ட் மட்டும். சுற்றுகளின் விகிதம் சுருளுக்குச் சுருள் பார்க்க வேண்டியது. எனவே 11,000-ஐ 250-ஆல் வகுக்க வேண்டும்: 44. அங்கே 44 சுற்றுக்கு இங்கே ஒரு சுற்று.

இந்த 44 சரிதானா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. தாழ் அழுத்தச் சுருளில் 60 சுற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உயர் அழுத்தச் சுருளில் 2,640 சுற்றுகள். டெல்டா என்பதால் கம்பியில் வரும் 5.25 ஆம்பியர் அப்படியே சுருளுக்குள் போவதில்லை, 1.732-ஆல் வகுபட்டு 3.03 ஆம்பியர் ஆகிறது. இப்போது 2,640-ஐ 3.03-ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 8,000. மறுபக்கம் 60-ஐ 133.3-ஆல் பெருக்குங்கள், அதுவும் 8,000. இதை ஆம்பியர்-சுற்று என்பார்கள். துணைச் சுருள் தன் மின்னோட்டத்தால் இரும்பு உள்ளகத்தின் காந்தப் பாயத்தைக் குறைக்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட முதன்மைச் சுருள் அதே அளவு ஆம்பியர்-சுற்றைக் கூடுதலாக இழுக்கும். தெருவில் ஒருவர் மோட்டாரைப் போட்டால் 11 ஆயிரம் வோல்ட் கம்பியில் மின்னோட்டம் தானாகக் கூடுவது இப்படித்தான். 25.4 என்ற விகிதத்தை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு பெருக்கல்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. விடை தவறு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

133 ஆம்பியர் என்பது ஒவ்வொரு ஃபேஸுக்குமான எல்லை என்பதையும் கணக்கோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தபோது மூன்று ஃபேஸிலும் முறையே 160, 90, 80 ஆம்பியர் காட்டுகிறது என்று கொள்வோம். கூட்டினால் 330. அதை 250 வோல்ட்டால் பெருக்கினால் 82.5 கே.வி.ஏ. தகட்டில் 100 இருக்கிறதே, இன்னும் இடம் உண்டு என்று தோன்றும். ஆனால் முதல் ஃபேஸின் சுருள் தன் எல்லையைப் போல 1.2 மடங்கு சுமக்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அந்தச் சுருளில் மட்டும் சூடு 1.44 மடங்கு. இந்த நிலையில் செய்ய வேண்டியது சில வீடுகளின் இணைப்பை வேறு ஃபேஸுக்கு மாற்றுவது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது அல்ல.

இரண்டு இழப்புகள்

மூன்றாவது கேள்வி பயனுறு திறன். உள்ளே போகும் மின்திறனையும் வெளியே வரும் மின்திறனையும் அளந்து வகுத்துவிட்டால் போதாதா? போதாது. இந்த டிரான்ஸ்ஃபார்மரில் 100 கிலோவாட் வெளியே வரும்போது இழப்பு சுமார் 2 கிலோவாட்தான். இரண்டு மீட்டர்களும் அரை சதவீதம் எதிரெதிராகப் பிசகினாலே ஒரு கிலோவாட் பிழை வந்துவிடும். அளக்க வந்த இழப்பில் பாதி அதிலேயே மறைந்துபோகும். அதனால் சோதனைக்கூடத்தில் இழப்பை மட்டும் தனியாகப் பிடிக்கிறார்கள்.

முதல் சோதனையில் உயர் அழுத்தப் பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டு, தாழ் அழுத்தப் பக்கத்துக்கு 433 வோல்ட் கொடுக்கிறார்கள். சுமை இல்லாததால் வாட்மீட்டர் காட்டுவது ஏறக்குறைய முழுவதும் இரும்பு உள்ளகத்தில் போகும் இழப்பு. இரண்டாவது சோதனையில் தாழ் அழுத்த முனைகளை ஒன்றோடொன்று குறுக்கிணைத்துவிட்டு, மறுபக்கம் அழுத்தத்தை மெல்ல ஏற்றுகிறார்கள். 100 கே.வி.ஏ. வகைக்கு 4.5 சதவீத மின்மறுப்பு வழக்கம். 11,000-இல் 4.5 சதவீதமான 495 வோல்ட்டிலேயே முழு 5.25 ஆம்பியர் ஓடத் தொடங்கிவிடும். அழுத்தம் இவ்வளவு குறைவாக இருப்பதால் இரும்பு இழப்பு பொருட்படுத்தும் அளவில் இருக்காது. வாட்மீட்டர் காட்டுவது சுருள்களில் போகும் செம்பு இழப்பு.

இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1180, பழைய 1989 பதிப்பின்படி 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்பு இழப்பு 260 வாட், முழுச் சுமையில் செம்பு இழப்பு 1,760 வாட். இந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 2,020 வாட். திறன் காரணி ஒன்று என்றால் வெளியே வருவது 1,00,000 வாட். அதை 1,02,020-ஆல் வகுத்தால் 98.02 சதவீதம். திறன் காரணி 0.8 ஆனால் வெளியே வருவது 80,000 வாட்டாகக் குறைகிறது. இழப்போ அதே 2,020. பயனுறு திறன் 97.54 சதவீதமாக இறங்குகிறது.

பாதிச் சுமைக்குக் கேட்டால் இழப்பைப் பாதியாக்கிவிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. செம்பு இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; பாதிச் சுமையில் அது நான்கில் ஒரு பங்காகி 440 வாட் ஆகும். இரும்பு இழப்பு கடை வாடகை மாதிரி, வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே 260. மொத்தம் 700 வாட், பயனுறு திறன் 98.62 சதவீதம். முழுச் சுமையை விடப் பாதிச் சுமையில்தான் கூடுதல். செம்பு இழப்பு இரும்பு இழப்புக்குச் சமமாகும் இடத்தில் அது உச்சத்தைத் தொடும். 260-ஐ 1,760-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.384. ஆக, சுமார் 38 கே.வி.ஏ. சுமையில் உச்சம், 98.67 சதவீதம்.

உச்சத்தை இவ்வளவு கீழே வைப்பது வேண்டுமென்றே செய்வதுதான். தெரு டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையைப் பார்ப்பது ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும்.

நாள் முழுக்கப் பார்த்தால்

பம்ப்செட்டுகளுக்கு மட்டும் மின்சாரம் தரும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நாளில் 6 மணி நேரம் முழுச் சுமையில், 0.8 திறன் காரணியில் ஓடுகிறது என்று கொள்வோம். மீதி 18 மணி நேரம் சுமை இல்லை, ஆனால் 11,000 வோல்ட் இணைப்பு அப்படியே இருக்கிறது. வெளியே வருவது 80 கிலோவாட் வீதம் 6 மணி நேரம், 480 யூனிட். செம்பு இழப்பு 1.76 கிலோவாட் வீதம் 6 மணி நேரம், 10.56 யூனிட். இரும்பு இழப்பை 6 மணி நேரத்துக்கு மட்டும் போட்டுவிடக் கூடாது. அது 24 மணி நேரமும் ஓடும், 6.24 யூனிட். மொத்த இழப்பு 16.8 யூனிட். 480-ஐ 496.8-ஆல் வகுத்தால் 96.62 சதவீதம். முழுச் சுமையில் 97.54 காட்டிய அதே டிரான்ஸ்ஃபார்மர்தான் இது. இதை நாள் முழுவதற்குமான பயனுறு திறன் என்கிறார்கள்.

ஒரு நாளைக்கு 6.24 யூனிட் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,278 யூனிட், ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் மட்டும். 2014-இல் ஐ.எஸ். 1180 திருத்தப்பட்டபோது இழப்பின் வரம்பைப் பாதிச் சுமைக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனியாக வைத்தார்கள். ஒரு சதவீதத்தை மட்டும் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் குணம் முழுதாகப் பிடிபடாது என்பதால்தான். தேர்வில் ‘பயனுறு திறன் காண்க’ என்று வந்தால், எந்தச் சுமையில், எந்தத் திறன் காரணியில், எத்தனை மணி நேரத்துக்கு என்று முதலில் பாருங்கள். இந்த மூன்றையும் குறிப்பிடாத சதவீதத்தை விற்பனையாளர் சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை.