பத்து டிபி டிஸ்க் எத்தனை கல்யாணம் தாங்கும்?

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்களில் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் குத்துமதிப்பாகத்தான் வாங்கப்படுகிறது. சீசன் நடுவில் டிஸ்க் நிறைந்துவிட, எதை அழிப்பது என்ற பதற்றம் தொடங்கும். ஒரு சின்னப் பெருக்கல் போட்டால் இதைத் தவிர்க்கலாம்.

வீடியோவின் ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு தரவு பதிவாகிறது என்பதே பிட்ரேட். கேமரா மெனுவில் 100 எம்பிபிஎஸ் என்றிருந்தால், நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 12.5 மெகாபைட்; ஒரு மணி நேரத்தின் 3,600 நொடிகளுக்கு 45 ஜிபி. சுருக்கமாக, பிட்ரேட்டை 0.45 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்று கிடைத்துவிடும். சில கேமராக்கள் காட்சிக்கேற்ப பிட்ரேட்டை ஏற்றி இறக்கும். ஆகவே ஏற்கெனவே எடுத்த ஃபைலை MediaInfo மென்பொருளில் திறந்து, Overall bit rate என்ற வரியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வரவேற்புக்கு மூன்று மணி நேரம், முகூர்த்தத்துக்கு மூன்று மணி நேரம், இரண்டு கேமரா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 மணி நேரம், 540 ஜிபி. ஆண்டுக்கு 20 கல்யாணம் என்றால் 10.8 டிபி. அடுத்த ஆண்டு 25 ஆனால் 13.5 டிபி.

12 டிபி டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் 10.9 டிபி என்றுதான் காட்டும். டிஸ்க்கில் குறை இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. நமது 10.8 டிபி-யும் அதே கணக்கில் 9.8 ஆகிவிடும். டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்கு காலியாக மிஞ்சும். அந்த இடைவெளி இருப்பது நல்லதே. இரண்டாம் ஆண்டுக்கு 16 டிபி வேண்டும். எந்த ஆண்டாக இருந்தாலும் டிஸ்க் இரண்டாக வாங்க வேண்டும்: ஒன்று ஸ்டுடியோவில், அதன் நகல் வேறு கட்டடத்தில். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கை ரெய்டு முறையில் இணைத்தால், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. ஆனால் தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டிலுமே அழிந்துவிடும். பெட்டியே திருடு போனாலும் கதை முடிந்தது.

எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றலாமே என்று தோன்றும். 50 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ஒரே ஒரு கல்யாணத்தின் ஃபுட்டேஜ் ஏற, தடையே இல்லாவிட்டாலும் முழுதாக 24 மணி நேரம் ஆகும். வாடகையோ மாதாமாதம். சில நிறுவனங்கள் திரும்ப இறக்கவும் தனிக் கட்டணம் கேட்கும்.

எடிட் முடிந்த படத்தின் கணக்கோ வேறு. மூன்று மணி நேரப் படம் 20 எம்பிபிஎஸ்ஸில் 27 ஜிபி-தான். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ஆண்டு முழுக்க எடுத்த 20 படங்களும் சேர்ந்து 540 ஜிபி, அதாவது ஒரு கல்யாணத்தின் கச்சா ஃபுட்டேஜ் அளவு.

ஆகவே கச்சா ஃபுட்டேஜ் இரண்டு டிஸ்க்குகளில் இருக்கட்டும். முடிந்த படம் கிளவுடுக்கும் போகட்டும். கச்சாவை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை முன்பணம் வாங்கும்போதே ரசீதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.