காபி வரும் முன்பே காட்சி தொடங்கட்டும்

புதிதாகத் திரைக்கதை எழுதுபவர்களின் பக்கங்களில் நான் அடிக்கடி பார்ப்பது காபி. வாசலில் வண்டி நிற்கும், காலிங் பெல் அடிக்கும், "வாங்க, உட்காருங்க" என்பார்கள், காபி வரும். வந்தவர் எதற்காக வந்தார் என்பது இரண்டாம் பக்கத்தில்தான் தெரியும். எழுத்தில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா வளையலை அடகு வைக்கப் போகிறார். முதல் பிரதியில் பஸ்ஸில் இறங்குவார், கடையைத் தேடுவார், வணக்கம் சொல்வார், பொட்டலத்தைப் பிரிப்பார். பிறகு பேரம், ரசீது, பணம் எண்ணுதல், வீடு திரும்புதல் என்று மூன்று பக்கம் ஓடும்.

இதில் எந்த இடத்தில் நிலைமை மாறுகிறது? வளையல் தராசில் இருக்கிறது. "முப்பதாயிரம்தான் வரும்" என்கிறார் கடைக்காரர். தேவை நாற்பதாயிரம். காட்சியை இங்கேயே தொடங்கலாம். அப்பா பேசாமல் தன் விரல் மோதிரத்தைத் திருகுகிறார். அது கழலவில்லை. கடைக்காரர் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துகிறார். அங்கேயே வெட்டிவிடலாம்.

அடுத்த காட்சியில் அப்பா சோறு பரிமாறுகிறார். அவர் விரலில் மோதிரம் இருந்த இடம் வெளுத்திருப்பதை மகள் பார்க்கிறாள். பணம் கிடைத்ததா, எப்படிக் கிடைத்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மனைவியிடம் அவர் நடந்ததை விவரிப்பதாக எழுதிய காட்சியும் இப்போது தேவையில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்: ஒரு காட்சி சரியான இடத்தில் முடிந்தால் இன்னொரு காட்சி முழுவதுமாகவே போய்விடும்.

1972-இல் வெளிவந்த 'தி காட்ஃபாதர்' படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். போனசெரா வந்ததையோ காத்திருந்ததையோ நாம் பார்ப்பதில்லை. இருட்டில் அவர் முகம், மகளுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும் குரல். யாரிடம் பேசுகிறார் என்பதே கேமரா மெதுவாகப் பின்வாங்கும்போதுதான் தெரிகிறது. அவர் கேட்ட பழிவாங்கலையும் படம் காட்டுவதில்லை. டான் ஒப்புக்கொண்டதே போதும்.

எல்லா இடத்திலும் இப்படி வெட்டக் கூடாது. வீட்டுக்குள் கத்தியோடு ஒருவன் ஒளிந்திருப்பது பார்வையாளருக்குத் தெரியும் என்றால், வருபவர் படியேறுவதும் சாவியைத் தேடுவதும்தான் அந்தக் காட்சியின் உயிர். ஒரு சாவுச் செய்திக்குப் பின்வரும் மௌனத்தையும் அவசரமாக வெட்டினால் துயரம் பார்வையாளரைச் சேராது. யார் எங்கே இருக்கிறார்கள் என்றே புரியாமல் போனால், வெட்டியது அதிகமாகிவிட்டது என்று பொருள்.

உங்கள் ஸ்கிரிப்டில் ஏதாவது ஒரு காட்சியை எடுங்கள். முதல் நான்கு வரிகளைக் கையால் மறைத்துவிட்டு ஐந்தாவது வரியிலிருந்து படியுங்கள். பிறகு கடைசி நான்கையும் அப்படியே மறைத்துப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்த எட்டு வரிகளையும் இன்றே அடித்துவிடுங்கள்.