கம்பெனி இருக்கிறது, வேலை இருக்கிறதா?

பிரிட்டனில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கேயே வேலை தேடிக்கொண்டிருக்கும் அக்கா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வருகிறது. பர்மிங்ஹாம் பக்கத்தில் ஒரு கம்பெனி. பிசினஸ் அனலிஸ்ட் வேலை, ஆண்டுக்கு 42,000 பவுண்டு, மூன்று வருட ஸ்பான்சர்ஷிப். கடிதத்தோடு ஏஜென்டின் குரல் பதிவும் சேர்ந்து வருகிறது: பிராசசிங்குக்கு 9,000 பவுண்டு, பாதியை இந்த வாரமே கட்டிவிட வேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். பையனின் விசாவில் இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி. வீட்டில் நகையை வைத்துவிடலாமா என்ற பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

இந்தக் கம்பெனி கற்பனை. பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்து உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இதைச் சோதிக்கும் வழிகள் நிஜமானவை. பெரும்பாலானவற்றை ஊரில் இருந்தபடியே, காசு கட்டாமல், போனிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் கடிதத்தில் ஓர் எண்ணைத் தேட வேண்டும். பிரிட்டனில் பதிவான லிமிடெட் கம்பெனி தன் கடிதத்தாளிலும் இணையதளத்திலும் பதிவுப் பெயர், பதிவு எண், பதிவு அலுவலக முகவரி ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். எட்டு இடங்கள் கொண்ட எண் அது. ஸ்காட்லாந்துக் கம்பெனியாக இருந்தால் SC என்று தொடங்கும். பளபளப்பான லோகோ இருந்து எண் இல்லை என்றால், அதைக் கேட்டு வாங்காமல் மேற்கொண்டு பேசக் கூடாது.

எண் கிடைத்ததும் கம்பெனிஸ் ஹவுஸ் என்னும் அரசுப் பதிவகத்தின் தளத்துக்குப் போகலாம்: find-and-update.company-information.service.gov.uk. எண்ணைப் போட்டால் கம்பெனியின் பக்கம் திறக்கும். Company status என்ற இடத்தில் Active என்று இருந்தால் பலர் அதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தச் சொல் சொல்வது மிகக் கொஞ்சம்: பதிவு ரத்தாகவில்லை, அவ்வளவுதான். ரேஷன் கார்டு இருப்பதால் வீட்டில் அரிசி இருக்கிறது என்று ஆகிவிடாது. Active என்பதோடு Active proposal to strike off என்றும் சேர்ந்து இருந்தால் பதிவையே நீக்கும் நடவடிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வருட வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் உதாரணக் கம்பெனியின் பக்கத்தில் வெறும் Active என்றுதான் இருக்கிறது. ஆரம்பித்தது 2021. அதற்குக் கீழே Nature of business என்ற வரியில் 56102 என்ற எண். அது உணவகத் தொழிலுக்கான குறியீடு. ஐ.டி. கன்சல்டன்சி என்றால் 62020 மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். இன்னும் கீழே Previous company names என்ற பட்டியலில் ஒரு ஓட்டலின் பெயர். ஐந்து மாதத்துக்கு முன்புதான் அது டெக்னாலஜி என்று முடியும் புதுப் பெயராக மாறியிருக்கிறது. தொழிலை மாற்றிக்கொள்வது குற்றமில்லை, குறியீட்டைத் திருத்த மறந்தும் இருக்கலாம். அதனால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

தீர்ப்புச் சொல்ல உதவுவது Filing history என்ற பகுதி. கம்பெனி தாக்கல் செய்த ஒவ்வொரு தாளும் அங்கே பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். கடைசியாகத் தாக்கலான ஆண்டுக் கணக்கைத் திறந்து பாருங்கள். சின்னக் கம்பெனிகள் 'மைக்ரோ' கணக்கு என்ற சுருக்கமான படிவத்தைத் தரலாம். லாப நட்டம் அதில் இருக்காது. ஆனாலும் நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு: கடனெல்லாம் போகக் கையில் நிற்கும் நிகர சொத்து எவ்வளவு, அந்த ஆண்டில் சராசரியாக எத்தனை பேர் வேலை பார்த்தார்கள். நம் கம்பெனியில் நிகர சொத்து மூவாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். வேலையாட்கள் இரண்டு பேர். மூவாயிரம் பவுண்டு வைத்திருக்கும் இருவர், மூன்றாமவருக்கு ஆண்டுக்கு 42,000 எங்கிருந்து கொடுப்பார்கள்? புதிதாகப் பெரிய ஒப்பந்தம் கிடைத்திருக்கலாம், முதலாளி சொந்தப் பணத்தைப் போடலாம். அப்படியானால் அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் வாடிக்கையாளர், என்ன புராஜெக்ட் என்று பையன் நேர்காணலில் கேட்கலாம். இங்கே நேர்காணலே நடக்கவில்லை என்பது தனிக்கதை.

ஓர் எச்சரிக்கை. கம்பெனிஸ் ஹவுஸ் வெகுகாலம் கொடுத்ததை அப்படியே வாங்கி வைக்கும் அலுவலகமாகவே இருந்தது. யார் எந்த முகவரியைக் கொடுத்தாலும் ஏறிவிடும். 2023-ல் வந்த ஒரு சட்டத்தின்படி 2024 மார்ச் முதல்தான் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் அதற்குக் கூடுதல் அதிகாரம் வந்தது. இயக்குநர்கள் தங்கள் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் 18-ல் கட்டாயமானது, பழைய இயக்குநர்களுக்குப் படிப்படியாக. எனவே அந்தப் பக்கத்தில் இருப்பதை அரசு சரிபார்த்துக் கொடுத்த சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொன்னது என்று வைத்துக்கொண்டு படித்தால் சரியாக இருக்கும்.

அடுத்தது ஸ்பான்சர் லைசென்ஸ். வெளிநாட்டவரை விசா கொடுத்து வேலைக்கு வைக்கக் கம்பெனியாக இருந்தால் போதாது, உள்துறை அமைச்சகத்தின் உரிமம் தனியாக வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை Register of licensed sponsors: workers என்ற பெயரில் gov.uk தளத்தில் வெளியிடுகிறார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட பெரிய கோப்பு, எக்செலில் திறந்து பெயரைத் தேட வேண்டும். நிறுவனப் பெயர், ஊர், கவுன்டி, தரம், விசா வகை ஆகியவைதான் அதில் இருக்கும். கம்பெனிப் பதிவு எண் இல்லை! இந்த ஓட்டையில்தான் பாதி ஏமாற்று நடக்கிறது. ஒரே மாதிரிப் பெயரில் வேறு ஊரில் வேறு கம்பெனி இருக்கும். நிஜ ஸ்பான்சரின் பெயரை வைத்து, ஓர் எழுத்து மாறிய மின்னஞ்சல் முகவரியிலிருந்து போலிக் கடிதம் அனுப்புகிறவர்களும் உண்டு. அதனால் பெயரோடு ஊரும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, கம்பெனியின் அசல் இணையதளத்தில் உள்ள போன் எண்ணுக்கு அழைத்து விசாரிக்க வேண்டும். கடிதத்தில் போட்டிருக்கும் எண்ணை அழைத்தால் ஏஜென்டே எடுப்பார்.

நம் டெக்னாலஜி கம்பெனியின் பெயர் பட்டியலில் இல்லை. பழைய ஓட்டல் பெயர் இருக்கிறது. Worker (A rating), Skilled Worker என்று சுத்தமாக இருக்கிறது. பையன் உற்சாகமாகக் கூப்பிடுகிறான்.

"மாமா, ஏ ரேட்டிங் போட்டிருக்கு. பேர் மட்டும்தான் மாறியிருக்காம், லைசென்ஸ் அதேதான்னு ஏஜென்ட் சொல்றார்."

"பேர் மாறினா பரவாயில்லடா. ஆள் மாறியிருக்கான்னு பாரு."

பார்க்க வேண்டிய இடம் கம்பெனிஸ் ஹவுஸ் பக்கத்தில் People என்ற பகுதிக்குள் இருக்கும் Persons with significant control. கம்பெனி உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பது அங்கே தெரியும். ஐந்து மாதத்துக்கு முன்பு, பெயர் மாறிய அதே வாரத்தில், பழைய உரிமையாளர் விலகிப் புதியவர் வந்திருக்கிறார். பெயர் மாற்றத்தை உள்துறையிடம் தெரிவித்தால் உரிமம் தொடரும். ஆனால் பங்குகள் கைமாறி, கட்டுப்பாடே புதியவரிடம் போய்விட்டால் பழைய உரிமம் அவருக்குப் போகாது. அவர் புதிதாக விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். உரிமம் உள்ள நொடித்துப்போன கடையை வாங்கி, அந்த உரிமத்தை வைத்துக் கடிதம் விற்பவர்கள் உண்டு. உள்துறை கண்டுபிடிக்கும்வரை பட்டியலில் பழைய பெயர் நின்றுகொண்டிருக்கும். கண்டுபிடித்து ரத்து செய்தால், பணம் கொடுத்து வந்தவரின் விசாவும் பொதுவாக 60 நாளாகக் குறுக்கப்படும். முதியோர் பராமரிப்புத் துறையில் மட்டும் 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட உரிமங்கள் பறிக்கப்பட்டதாகவும், அந்த நிறுவனங்களோடு தொடர்புள்ள தொழிலாளர்கள் 39,000-க்கும் மேல் என்றும் பிரிட்டன் அரசே சொன்னது.

இனி அந்த 9,000 பவுண்டு. ஏஜென்டுகள் அதை சி.ஓ.எஸ். காசு என்பார்கள். சி.ஓ.எஸ். என்பது உரிமம் உள்ள முதலாளி உள்துறையின் கணினியில் ஒரு தொழிலாளிக்காகப் பதிவது. அதற்கு ஓர் எண் வரும், விசா விண்ணப்பத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும். அரசு அதற்கு முதலாளியிடம் வாங்கும் கட்டணம் 2025 ஏப்ரல் முதல் 525 பவுண்டு. 2024 டிசம்பர் 31-க்குப் பிறகு ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் அந்தக் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பது விதி. ஸ்பான்சர்ஷிப்புக்காக முதலாளி கட்டும் திறன் வரியையும் அப்படித்தான். தொழிலாளி கட்ட வேண்டியவை தன் விசா கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணமும். இரண்டையும் அவரே நேராக அரசுத் தளத்தில் கட்டுகிறார், இடையில் யாரும் வர வேண்டியதில்லை. சி.ஓ.எஸ். எண் உண்மையானதா என்று பொதுமக்கள் பார்க்க எந்தத் தளமும் கிடையாது என்பதால்தான் அதை விற்பது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

சம்பளத் தொகையையும் கவனியுங்கள். 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு. படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் குறைந்த வரம்பும் உண்டு. ஓட்டல் நடத்திய கம்பெனி வரம்புக்கு முந்நூறு பவுண்டு மேலே வைத்துச் சம்பளம் தருகிறேன் என்றால், தொகை விதிக்காக எழுதப்பட்டதோ என்று யோசிக்க இடமிருக்கிறது. மாதாமாதம் வங்கியில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள்.

கம்பெனி நிஜமாகவே நல்ல கம்பெனியாகவும் இருக்கலாம். அப்படியா என்று அறிய பையனிடம் ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. அவன் இப்போது இருப்பது கிராஜுவேட் விசாவில். அந்த விசா உள்ளவரை வேலை பார்க்க எந்த ஸ்பான்சரும் தேவையில்லை. அதனால் அவன் கம்பெனியிடம் இப்படிக் கேட்கலாம்: இப்போதே சேர்ந்துகொள்கிறேன், மூன்று மாதம் என் வேலையைப் பாருங்கள், பிடித்திருந்தால் ஸ்பான்சர் செய்யுங்கள். ஆள் தேவைப்படும் முதலாளிக்கு இதில் மறுக்க ஒன்றுமில்லை. சேர்ந்தால் முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பிரிட்டன் வரித்துறையின் எச்.எம்.ஆர்.சி. செயலியைத் திறந்து பார்க்கட்டும். முதலாளி அவன் பெயரில் காட்டியிருக்கும் சம்பளமும் பிடித்த வரியும் அதில் தெரியும். சீட்டும் செயலியும் ஒத்துப்போனால், சி.ஓ.எஸ். கைக்கு வந்து விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளன்று ஸ்பான்சர் பட்டியலை இன்னொரு முறை இறக்கிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டலாம். சீட்டில் ஒரு தொகை, செயலியில் வேறு தொகை அல்லது வெறும் சுழியம் என்றால், மீதியிருக்கும் ஐந்து மாதத்தில் வேறு இடம் தேட வேண்டியதுதான்.