புதுப்பிப்பு என்றால் பணம் போகுமா?

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் கணினி, அதில் பில் போடும் மென்பொருள். மார்ச் மாதத் தொடக்கத்தில் கடைக்காரரின் போனுக்கு ஓர் அறிவிப்பு வருகிறது: "உங்கள் சந்தா மார்ச் 14 அன்று தானாகவே புதுப்பிக்கப்படும்." போனில் உள்ள செயலிகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதைப் போல இதுவும் என்று எண்ணி அவர் வியாபாரத்தைக் கவனிக்கப் போகிறார். 14-ஆம் தேதி அவர் கணக்கிலிருந்து 4,248 ரூபாய் போய்விடுகிறது. ஆண்டுச் சந்தா 3,600, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 648.

கடையும் தொகையும் உதாரணத்துக்குச் சொன்னவை. ஆனால் குழப்பம் உண்மையானது. ஆங்கிலத்தில் 'ரின்யூ', 'அப்டேட்' என இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழ்த் திரைகளில் இரண்டுக்குமே 'புதுப்பி' என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்றில் பணம் போகும், மற்றொன்றில் பெரும்பாலும் போகாது. ஆகவே மொழிபெயர்ப்பவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும்: "அடுத்த ஆண்டுக்கான சந்தாப் பணத்தை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வோம்."

'பில்லிங் காலம்' என்பதும் இப்படித்தான். மென்பொருள் நிறுவனத்துக்கு அது சந்தா செல்லுபடியாகும் காலம். நாள் முழுக்க வாடிக்கையாளருக்குப் பில் போடுகிறவருக்கோ அது வேறொன்றை நினைவூட்டும். 'சந்தாக் காலம்' என்றால் கேபிள் டிவிக்கும் வார இதழுக்கும் பணம் கட்டியவர் எவருக்கும் புரியும்.

அதிகம் தடுக்கி விழும் இடம், கெடு. "காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக ரத்து செய்யாவிட்டால்" என்பது இத்தகைய அறிவிப்புகளில் அடிக்கடி வரும் நிபந்தனை. இதை அவசரத்தில் "24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யவும்" என்று எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். கடைசி நாள் வரை காத்திருந்தவருக்கு அப்போது கதவு மூடியிருக்கும். கணக்கைப் போட்டுத் தேதியாகவே கொடுப்பதுதான் வழி. சந்தா மார்ச் 13 நள்ளிரவில் முடிந்து 14 பிறக்கும்போது பணம் எடுக்கப்படுமானால், ரத்து செய்யக் கடைசி நேரம் மார்ச் 12 இரவு 11:59. 'இரவு 12 மணி' என்று எழுதினால் எந்தத் தேதியின் இரவு என்ற சந்தேகம் எழும். நிறுவனம் இந்திய நேரத்தைத்தான் பின்பற்றுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வங்கி எச்சரிக்கும் என்று இருந்துவிட முடியுமா? இத்தகைய தானியங்கிக் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும். அந்தக் கட்டணத்தை நிறுத்த வாடிக்கையாளருக்கு வசதியும் இருக்க வேண்டும். முதல் அனுமதிக்குப் பிறகு, 2022 முதல் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்பதில்லை. ஆனால் வங்கியின் தகவல் வரும் நேரத்தில் நிறுவனத்தின் கெடு தாண்டியிருக்கக்கூடும். மேலும், வங்கியில் கட்டணத்தை நிறுத்துவதும் நிறுவனத்திடம் சந்தாவை நிறுத்துவதும் தனித்தனி வேலைகள். போனிலிருந்து செயலியை நீக்குவதால் சந்தா நிற்காது.

இன்னொரு பொறி பொத்தானில் இருக்கிறது. "சந்தாவை ரத்து செய்யவா?" என்று திரை கேட்கும். கீழே `OK`, `Cancel` என்று இரண்டு பொத்தான்கள். இங்கே `Cancel` என்றால் 'இந்தக் கேள்வியை மூடு' என்று பொருள். சந்தா அப்படியே தொடரும். மொழிபெயர்ப்பாளர் கைக்குத் திரை வராமல் சொற்களின் பட்டியல் மட்டும் வருவதால், அது 'ரத்து செய்' ஆகிவிடுகிறது. கடைக்காரர் நம்பி அதை அழுத்துவார். "ஆம், சந்தாவை நிறுத்து", "வேண்டாம், தொடரட்டும்" என்று எழுதினால் யாரும் தவறமாட்டார்கள்.

எல்லாம் சேர்ந்தால் அறிவிப்பு இப்படி அமையும்:

"உங்கள் பில் மென்பொருள் சந்தா மார்ச் 13-ஆம் தேதியுடன் முடிகிறது. மார்ச் 14 அன்று அடுத்த ஆண்டுக்காக ரூ. 4,248 உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வோம். தொடர விரும்பினால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் மார்ச் 12 இரவு 11:59-க்குள் செயலியில் சந்தாவை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் 13-ஆம் தேதி முடியும்வரை பில் போடலாம். மீதி நாட்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. உங்கள் பொருள் பட்டியலும் வாடிக்கையாளர் பாக்கி விவரமும் அதன்பின் 30 நாட்கள் இருக்கும், பிறகு அழிக்கப்படும்."

இதை அனுப்புவதற்கு முன் ஒரு கடைக்காரரிடம் படிக்கக் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். எவ்வளவு பணம் போகும்? என்றைக்கு? வேண்டாம் என்றால் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும்? அவர் ஏதாவது ஒன்றுக்குத் தயங்கினால், அந்த வரியைத் திருத்தி மறுபடி அவரிடமே காட்ட வேண்டும்.